பெயர்ப் பலகையில் யாருக்கு இடம்?

24 வீடுகள் உள்ள அடுக்ககம். 9 வீடுகளில் வாடகைக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். சங்கத்துக்கு ‘வீட்டு உரிமையாளர்கள் சங்கம்’ என்று பெயரிட்டால், தண்ணீர்ப் பிரச்சினையைப் பேசக்கூட அந்த 9 குடும்பங்கள் வரத் தயங்கும். ‘குடியிருப்போர் நலச் சங்கம்’ என்றால் அந்தத் தயக்கம் குறையும். முன்னொட்டாகக் கடவுள் பெயரோ தலைவர் பெயரோ வேண்டாம். தெருப் பெயரோ வாசல் வேப்பமரமோ எல்லோருக்கும் பொது. ஆனால் தெருவின் பெயரிலேயே சாதி ஒட்டியிருந்தால் மரமே மேல்.

தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யும்போது, ஏற்கெனவே உள்ள சங்கத்தின் பெயரை அப்படியே வைக்க முடியாது. ஆகவே இரண்டு மூன்று பெயர்களைக் கையில் வைத்திருங்கள். பின்னால் மாற்றுவதற்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும்.

பெயர் மட்டும் ஓட்டுரிமை தராது. வாடகைக்காரர் உறுப்பினராகலாமா என்பதைத் துணைவிதியில் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால், முதல் கூட்டத்திலேயே அவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.