தீபாவளிப் பெட்டியும் ஜிஎஸ்டியும்

நிறுவனங்களுக்குத் தீபாவளிப் பரிசுப்பெட்டி விற்க வேண்டுமானால் ஆகஸ்டிலேயே மாதிரியோடு ஹெச்.ஆர். துறையின் கதவைத் தட்டிவிட வேண்டும். ஒப்புதல் கிடைத்து பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வரவே வாரக்கணக்கில் ஆகும். லோகோ அச்சிட்ட பெட்டியை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அச்சுக்குப் போகும்முன் பாதி முன்பணம் வாங்கிவிடுங்கள். பால் இனிப்பைத் தவிர்த்து, நெய் மைசூர்பாகு, முந்திரி போன்றவற்றைக் கடைசி வாரத்தில் நிரப்பலாம்.

விலையை 50, 200, 500 பெட்டிகள் என்று படிவைத்துச் சொல்வது வழக்கம். 200 என்று பேசி 140 மட்டும் எடுப்பவர்களும் உண்டு. எடுத்த எண்ணிக்கையின் விலையே பொருந்தும் என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள்.

பலர் சறுக்குவது பில்லில்தான். ஒரு பெட்டியில் 500 ரூபாய் இனிப்பு, 300 ரூபாய் வாக்குவம் ஃபிளாஸ்க். 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பின் இனிப்புக்கு 5 சதவீதம், ஃபிளாஸ்க்குக்கு 18. இரண்டையும் சேர்த்து ‘பரிசுப்பெட்டி 800’ என்று ஒரே விலையில் விற்றால், சட்டப்படி அது கலப்பு வழங்கல். முழுத் தொகைக்கும் அதிக விகிதமான 18 சதவீதம், அதாவது 144 ரூபாய். தனித்தனி விலையில் விற்றால் 25, 54, மொத்தம் 79. இருநூறு பெட்டிக்கு வித்தியாசம் 13,000 ரூபாய்! பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு வாங்கும் நிறுவனம் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது என்பதால் அந்தச் சுமை அவர்கள் தலையிலேயே நிற்கும். கொட்டேஷன் கொடுக்கும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் பில் மாதிரியைக் காட்டிவிடுங்கள்.