ரேக் நிறைய சரக்கு... கல்லாவில் காசில்லை! உங்கள் கடையின் 'கையிருப்பு நாள்கள்' எத்தனை?

வியாபாரம் நன்றாகத்தான் போகிறது. கூட்டம் வருகிறது, பில் போடுகிறோம், லாபமும் இருப்பதாக ஆடிட்டர் சொல்கிறார். ஆனால், மாதக் கடைசியில் சப்ளையருக்குப் பணம் கொடுக்க அங்கே இங்கே புரட்ட வேண்டியிருக்கிறது. 'சம்பாதித்த காசெல்லாம் எங்கே போகிறது?' என்ற கேள்வி சொந்தமாகக் கடை நடத்தும் பல வீடுகளில் உண்டு.

பெரும்பாலும் பதில் கடைக்குள்ளேயே இருக்கும். காசு எங்கும் போகவில்லை. சரக்காக மாறி ரேக்கில் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு காசு, எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும் கணக்குதான் சரக்கிருப்பு சுழற்சி விகிதம். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். ஆடிட்டர்கள் 'இன்வென்ட்ரி டேர்ன்ஓவர் ரேஷியோ' என்பார்கள்.

கணக்கு ரொம்ப சிம்பிள்... ஆனால் இரண்டு இடத்தில் வழுக்கும்!

ஒரு வருடத்தில் விற்ற சரக்கின் அடக்கவிலையை, கடையில் சராசரியாக இருந்த சரக்கின் மதிப்பால் வகுக்க வேண்டும். அந்தச் சரக்கு வருடத்துக்கு எத்தனை முறை விற்று, திரும்ப வாங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். 365-ஐ அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது கையிருப்பு நாள்கள். அதாவது, வாங்கிய சரக்கு விற்றுப் போக சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறது என்ற கணக்கு.

ஓர் உதாரணம் பார்க்கலாம். நடுத்தர அளவிலான ஒரு ஜவுளிக்கடை. வருட விற்பனை 60 லட்சம் ரூபாய். விற்ற துணிகளின் அடக்கவிலை 45 லட்சம். மார்ச் 31 அன்று எண்ணிப் பார்த்தபோது கையில் இருந்த சரக்கு 9 லட்சம்.

அவசரத்தில் 60 லட்சத்தை 9 லட்சத்தால் வகுத்தால் 6.7 முறை வரும். நாள் கணக்கில் 55. 'இரண்டு மாதத்துக்குள் சரக்கு விற்றுவிடுகிறதே' என்று திருப்தியாக இருக்கும். இங்கேதான் முதல் வழுக்கல். 60 லட்சத்தில் நம் லாபமும் சேர்ந்திருக்கிறது. சரக்கை நாம் மதிப்பிடுவதோ வாங்கிய விலையில். இரண்டையும் ஒரே விலையில் வைத்தால்தான் கணக்கு சரி. 45-ஐ 9-ஆல் வகுத்தால் 5 முறை, 73 நாள்.

இரண்டாவது வழுக்கல் இன்னும் பெரியது. மார்ச் 31 என்பது ஜவுளிக்கடையில் சரக்கு குறைவாக இருக்கும் நேரம். தீபாவளிக்கு முன்பு இதே கடையில் 20 லட்சத்துக்கு மேல் துணி அடுக்கியிருப்பார்கள். அதனால், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இருந்த சரக்கைக் கூட்டி, 12-ஆல் வகுத்துச் சராசரி எடுக்க வேண்டும். நம் உதாரணக் கடையில் அது 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 45-ஐ 15-ஆல் வகுத்தால் 3 முறைதான். கையிருப்பு நாள்கள் 122!

அதே கடை, அதே சரக்கு. 55 நாள் என்று நினைத்தது உண்மையில் நான்கு மாதம்.

சராசரிக்குள் ஒளிந்திருக்கும் புடவைகள்

122 நாள் என்றவுடன் 'எல்லாக் கொள்முதலையும் குறைப்போம்' என்று கிளம்பிவிடக் கூடாது. பிரித்துப் பார்த்தால்தான் எங்கே பிரச்னை என்பது தெரியும்.

இதே கடையில் குழந்தைகள் உடை வருடத்துக்கு 18 லட்சம் அடக்கவிலைக்கு விற்கிறது. சராசரி கையிருப்பு 3 லட்சம். அப்படியென்றால் 61 நாள். வேட்டி, லுங்கி, உள்ளாடைகள் 15 லட்சத்துக்கு விற்கின்றன. கையிருப்பு 2 லட்சம். இது 49 நாள். இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன.

புடவை 12 லட்சத்துக்குத்தான் விற்கிறது. ஆனால் கையிருப்பு 10 லட்சம். வகுத்துப் பார்த்தால் 304 நாள். இன்று வாங்கி அடுக்கும் புடவை விற்க சராசரியாகப் பத்து மாதம் ஆகிறது.

புடவை விற்க நாளாகத்தான் செய்யும். பத்து டிசைன் காட்டினால்தான் ஒன்று விற்கும். ஆனாலும், அந்த 10 லட்சத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலும் வாங்கிய தேதியை எழுதி வைத்திருந்தால் உண்மை தெரியும். அதில் 4 லட்சம் மதிப்புள்ளவை இரண்டு வருடமாக அசையாதவை என்றால், அவை இனி மெதுவாக விற்கும் புடவைகள் அல்ல, முடங்கிப்போன சரக்கு.

முடங்கிய சரக்குக்கும் வாடகை உண்டு. கடையின் ஓ.டி. கணக்குக்கு 12 சதவிகித வட்டி என்றால், 4 லட்சத்துக்கு வருடம் 48,000 ரூபாய். மடிப்பில் இற்றுப்போவதும், நிறம் மங்குவதும் தனி. இதை வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டாலும், ஏன், கொஞ்சம் நஷ்டத்துக்கே விற்றாலும்கூட, கைக்கு வரும் பணத்தில் 61 நாளில் சுழலும் குழந்தைகள் உடையை வாங்கிப் போடலாம். 'வாங்கின விலைக்குக் கீழே கொடுக்க மாட்டேன்' என்ற பிடிவாதம்தான் பல கடைகளில் பீரோவை நிரப்புகிறது.

அமெரிக்காவின் 'டார்கெட்' மாட்டிக்கொண்ட கதை

சின்னக் கடை மட்டும்தான் இப்படி மாட்டும் என்றில்லை. அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களில் ஒன்றான டார்கெட், 2022 மே மாதம் தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. வருவாய் முந்தைய ஆண்டைவிட 4 சதவிகிதம் கூடியிருந்தது. பார்க்க நல்ல செய்திதான். ஆனால், கையிருப்புச் சரக்கு 43 சதவிகிதம் கூடியிருந்தது.

கொரோனா நேரத்தில் கப்பல்கள் தாமதமாக வந்ததால், அந்த நிறுவனம் முன்கூட்டியே நிறைய ஆர்டர் போட்டிருந்தது. டி.வி., சமையலறைச் சாதனங்கள், தோட்டத்தில் போடும் நாற்காலி மேசைகள் என இடத்தை அடைக்கும் பொருள்கள் வந்து இறங்கின. அதற்குள் மக்களின் செலவு மாறிவிட்டது. விலைவாசி ஏறியதால் மளிகைக்கு அதிகம் செலவானது. ஊரடங்கு முடிந்ததால் பயணங்களுக்கும் காசு போனது.

அந்தக் காலாண்டில் லாபம் பாதிக்கு மேல் சரிந்தது. கணக்கு வெளியான ஒரே நாளில் பங்கு விலை ஏறக்குறைய 25 சதவிகிதம் விழுந்தது. ஜூனில் நிறுவனம் ஒரு முடிவெடுத்தது: தள்ளுபடி கொடுத்து சரக்கைக் காலி செய்வது, போட்ட ஆர்டர்களை ரத்து செய்வது. அதன் விலையாக அடுத்த காலாண்டு லாபம் கிட்டத்தட்ட 90 சதவிகிதம் குறைந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஓர் அடையாளம் உண்டு. விற்பனை கூடும் வேகத்தைவிட சரக்கு கூடும் வேகம் மிக அதிகமாக இருந்தால், தள்ளுபடி போர்டு பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம்.

வேகமாகச் சுழன்றால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. திருப்பூரிலிருந்து பனியன் ஆர்டர் போட்டால் வந்து சேர 10 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகம் விற்கும் ஒரு சைஸ் நாளைக்கு 5 போகிறது. கையில் 30 இருக்கிறது. கையிருப்பு நாள்கள் 6. இன்றே ஆர்டர் போட்டாலும் நான்கு நாள் அந்த சைஸ் இருக்காது. 'இல்லைங்க' என்று திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர் எந்த நோட்டிலும் பதிவாக மாட்டார். விகிதம் மட்டும் அழகாக இருக்கும்.

இதே பனியனுக்கு 50 கையில் இருக்கும்போதே ஆர்டர் போட்டால்தான் 10 நாளைத் தாண்டலாம். லாரி தாமதம், திடீர் கூட்டம் இவற்றுக்காக மூன்று நாள் சரக்கைச் சேர்த்தால் 65. அந்த எண்ணைத் தொட்டவுடன் போன் போட வேண்டும்.

சரக்கைக் குறைவாக வைப்பதில் உலகுக்கே வழிகாட்டியான ஜப்பானின் டொயோட்டாகூட இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறது. 2011 மார்ச் மாத நிலநடுக்கத்தில் உதிரிபாகங்கள் கிடைக்காமல் தவித்த பிறகு, கிடைப்பதற்கு நாளாகும் சிப்களை 2 முதல் 6 மாதத் தேவைக்குச் சேர்த்து வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021 தொடக்கத்தில் சிப் தட்டுப்பாட்டால் மற்ற கார் கம்பெனிகள் ஆலைகளை நிறுத்தியபோது, டொயோட்டா பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஆனால் தட்டுப்பாடு நீண்டதால், அதே ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியை 40 சதவிகிதம் குறைக்கத் திட்டமிட வேண்டி வந்தது. கையிருப்பு நேரத்தை வாங்கித் தரும். எல்லா நாளையும் காப்பாற்றாது.

இன்னொரு ஏமாற்று வேகமும் உண்டு. நம் ஜவுளிக்கடையில் அடுத்த வருடம் விற்ற சரக்கின் அடக்கவிலை 45-லிருந்து 36 லட்சமாகக் குறைகிறது. பணத்தட்டுப்பாட்டால் கொள்முதலும் சுருங்கி, சராசரி சரக்கு 9 லட்சம் ஆகிறது. விகிதம் 3-லிருந்து 4-ஆக உயர்ந்துவிடும்! காகிதத்தில் முன்னேற்றம், உண்மையில் கடை மெலிகிறது. எனவே, விகிதம் உயர்ந்தால் விற்பனையும் உயர்ந்ததா என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பங்கு வாங்குபவர்கள் எங்கே பார்ப்பது?

2021 ஏப்ரல் முதல், கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணைப்படி கணக்குத் தயாரிக்கும் இந்திய நிறுவனங்கள் தங்கள் நிதிநிலைக் குறிப்புகளில் இந்த விகிதத்தைத் தர வேண்டும். முந்தைய ஆண்டைவிட 25 சதவிகிதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணமும் எழுத வேண்டும். ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் அந்த ஒரு வரிக் காரணத்தைத் தேடிப் படியுங்கள். கூடவே, அடக்கவிலையால் கணக்கிட்டார்களா, விற்பனைத் தொகையால் கணக்கிட்டார்களா என்பதையும் பாருங்கள். இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கணக்கிட்டிருந்தால் ஒப்பிடவே முடியாது.

ஒப்பிடுவதும் ஒரே தொழிலுக்குள்தான். காய்கறிக்கடைக்கு மூன்று நாள் கையிருப்பே அதிகம். நகைக்கடைக்கு மூன்று மாதம்கூட சாதாரணம்.

சொந்தக் கடைக்கு ஆண்டறிக்கை தேவையில்லை. இந்த மாதக் கடைசியில் சரக்கைப் பொருள் வகை வாரியாக எண்ணி, அந்த மாதம் விற்றதன் அடக்கவிலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து எழுதினால், காசு எந்த ரேக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.