வட்டம் சுற்றுகிறது, பணம் போனதா?

கல்லூரிப் பதிவுக் கட்டணம் 250 ரிங்கிட். மாணவி ஒருவர் இன்ஸ்டாகிராமில் வந்த இணைப்பைத் தட்டி, கைப்பேசியிலேயே அட்டை எண்ணைப் பதிவு செய்கிறார். வங்கியின் சரிபார்ப்புப் பக்கம் திறந்து, ‘வங்கிச் செயலியில் ஒப்புதல் அளியுங்கள்’ என்கிறது. செயலிக்குப் போய் ஒப்புதல் தந்துவிட்டுத் திரும்பினால், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில நிமிடங்களில் ‘நேரம் முடிந்தது’ என்ற செய்தி வருகிறது.

பெரும்பாலும் பணம் போயிருக்காது. அட்டைக் கட்டணத்தில் இரண்டு படிகள் உண்டு. முதலில் வங்கி, அட்டை உங்களுடையதுதானா என்று சரிபார்க்கிறது. அந்த முடிவு கல்லூரியின் கட்டணப் பக்கத்திற்கு வந்த பிறகுதான் பணம் கேட்கப்படுகிறது. அந்த முடிவைச் சுமந்து வரவேண்டியது உங்கள் உலாவி. நம் மாணவிக்குச் சிக்கல் அங்கேதான்.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவற்றில் இணைப்பைத் தட்டினால், அது பெரும்பாலும் அந்தச் செயலிக்குள் இருக்கும் குட்டி உலாவியில் திறக்கும். வங்கிச் செயலிக்கு மாறியதும், நினைவகம் குறைந்த கைப்பேசி பின்னால் இருக்கும் அந்தப் பக்கத்தை நிறுத்திவிடலாம். ஒப்புதல் வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதை வாங்கிக்கொள்ளப் பக்கம் விழித்திருக்காது. இதற்கு எளிய வழி, இணைப்பை நகலெடுத்து குரோம் அல்லது சஃபாரியில் திறப்பது. மடிக்கணினியில் பணம் கட்டி, கைப்பேசியில் ஒப்புதல் தருவது இன்னும் நல்லது. அப்போது பக்கம் கண்முன்னே திறந்தே இருக்கும்.

எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே காரணம் ஓரளவு பிடிபடும். சரிபார்ப்புப் பக்கமே வராமல் வெள்ளையாக நின்றால், விளம்பரத் தடுப்பான், விபிஎன் அல்லது வளாக வைஃபை வங்கியின் முகவரியை மறித்திருக்கலாம். அவற்றை அணைத்து, கைப்பேசித் தரவுக்கு மாறுங்கள். ஆனால் கட்டணத்தைத் தொடங்கும் முன்பே மாறவேண்டும். நடுவில் மாறினால் தொடர்பு அறுந்துவிடும்.

பக்கம் வந்தும் ஒப்புதல் அறிவிப்பு வரவில்லையா? அறிவிப்புக்காகக் காத்திராமல் வங்கிச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். மின்கல சேமிப்பு முறை அறிவிப்பைத் தாமதப்படுத்தும். புதுக் கைப்பேசி வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மலேசிய வங்கிகள் ஒப்புதலுக்கு ஒரே ஒரு சாதனத்தைத்தான் பதிவு செய்ய விடுகின்றன. புதிதாகப் பதிந்தால் காத்திருப்பு நேரமும் உண்டு. கட்டணக் கடைசி நாளில் கைப்பேசி மாற்றுவது வம்பு.

நின்றுபோன பக்கத்தைப் புதுப்பிக்கவோ, உடனே மறுபடி கட்டவோ வேண்டாம். முதலில் வங்கிச் செயலியில் அட்டைப் பரிவர்த்தனைகளைப் பாருங்கள். 250 ரிங்கிட் ‘நிலுவையில்’ என்று தெரிந்தால், வங்கி அந்தத் தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறது. கல்லூரிக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. கல்லூரி அதைக் கோராவிட்டால் ஒதுக்கீடு சில நாள்களில் விடுபடும். கல்லூரி நிதிப் பிரிவிடம் நேரத்தையும் தொகையையும் சொல்லிக் கேட்டு, அவர்கள் பதிவில் இல்லை என்று உறுதியான பிறகு மறுபடி கட்டலாம்.