உயரம் மாறாத அலை

1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹரி ஹோல்கேரி, தம்பெரே நகரத் துணை மேயர் காரினா சுவோனியோவைத் தொலைபேசியில் அழைத்தார். ஜி.எஸ்.எம். வலையமைப்பின் முதல் அழைப்பு என்று வரலாற்றில் பதிவானது அது. அந்தப் பேச்சைச் சுமந்து சென்ற ரேடியோ அலைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பேசும்போது அதன் அதிர்வின் வேகம் சற்றே கூடும், குறையும். உயரம் மட்டும் மாறாது.

அந்த முறைக்கு அடிப்படை மினிமம் ஷிஃப்ட் கீயிங். ஒன்று என்றால் அதிர்வெண் கொஞ்சம் ஏறும், பூஜ்யம் என்றால் கொஞ்சம் இறங்கும். ஜி.எஸ்.எம். நொடிக்கு 2,70,833 பிட்டுகளை அனுப்புகிறது. அதற்கேற்ற ஏற்ற இறக்கம் சுமார் 67.7 கிலோஹெர்ட்ஸ். இந்தக் கணக்கில் ஒவ்வொரு பிட்டுக்கும் அலை சரியாகக் கால் சுற்று முன்னேயோ பின்னேயோ நகரும். விட்ட இடத்திலிருந்தே அடுத்த பிட் தொடங்குவதால் அலை எங்கும் அறுபடுவதில்லை.

இது ஆம்ப்ளிஃபையருக்கு ஏன் பிடிக்கிறது? அலையின் உயரத்திலும் செய்தி இருந்தால், மிக உயர்ந்த முகடும் வெட்டுப்படாமல் வெளிவர வேண்டும். அதற்காக டிரான்சிஸ்டரை அதன் எல்லைக்கு வெகு கீழேயே ஓட்டியாக வேண்டும். பேட்டரியின் சக்தியில் பெரும்பகுதி சூடாகிப் போய்விடும். மீறி ஓட்டினால் முகடுகள் நசுங்கும், சிதறல் பக்கத்துச் சேனலில் பாய்ந்து வேறொருவரின் அழைப்பைக் கெடுக்கும். உயரம் மாறாத அலையில் இந்தக் கவலை இல்லை. எல்லா முகடுகளும் ஒரே அளவுக்குத்தான் வெட்டுப்படும். அலை மேலும் கீழும் கடக்கும் நேரங்கள் அப்படியே இருக்கும். செய்தி இருப்பதோ அந்த நேரங்களில்தான். வெட்டுவதால் பிறக்கும் தேவையற்ற அலைகள் 1800, 2700 மெகாஹெர்ட்ஸ் என்று வெகு தள்ளி விழுவதால், சிறிய வடிகட்டி ஒன்றே அவற்றைத் தடுத்துவிடும்.

சாதாரண 900 மெகாஹெர்ட்ஸ் கைபேசி உச்சத்தில் 2 வாட் வெளியிடும். ஆம்ப்ளிஃபையரின் திறன் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பேட்டரி 4 வாட் கொடுத்தால் போதும். திறன் 25 சதவீதமாக இறங்கினால் 8 வாட் வேண்டும். அதில் 6 வாட் வெறும் சூடு. எட்டில் ஒரு பங்கு நேரம்தான் கைபேசி ஒலிபரப்புகிறது என்றாலும், சிறிய பேட்டரிக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இதற்கு விலையும் உண்டு. 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிச் சேனலுக்குள் அலையை அடக்க, பிட்டுகளை முதலில் காஸியன் வடிகட்டியில் போட்டு மழுங்கடிக்கிறார்கள். ஒரு பிட் அடுத்ததன்மேல் கசிகிறது. அதைப் பிரித்தெடுக்கும் வேலை ஏற்பியின் தலையில் விழுகிறது. வேகமும் குறைவு, ஒரு தடவைக்கு ஒரு பிட்தான்.

எட்ஜ் வந்தபோது ஒரு தடவைக்கு மூன்று பிட்டுகள் அனுப்பினார்கள். அலையின் உயரம் அலைபாயத் தொடங்கியது. அதே 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் கொடுத்த கைபேசிகள் பல, எட்ஜ் டேட்டாவுக்கு அரை வாட்டோடு நிறுத்திக்கொண்டன. பிறகு 4ஜி வந்தபோதும், கோபுரத்திலிருந்து இறங்கும் அலைக்கு ஒரு முறையும், கைபேசியிலிருந்து ஏறும் அலைக்கு முகடுகள் குறைந்த வேறொரு முறையும் வைத்ததற்குக் கையிலிருக்கும் இந்தச் சிறிய ஆம்ப்ளிஃபையர்தான் முக்கியக் காரணம்.