வைரஸ் தெரியவில்லை, ஆனால் போகவில்லை

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது: "ரிப்போர்ட்டில் வைரஸ் இல்லை என்று வந்துவிட்டதே டாக்டர், இன்னும் எதற்கு மாத்திரை?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில், அந்த வைரஸ் எந்தச் செல்லுக்குள் புகுந்து என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

உதவி டி செல்கள் பெரும்பாலும் தாமே கிருமியைக் கொல்வதில்லை. மற்ற செல்களை வேலைக்கு ஏவுகின்றன. எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களுக்குச் சைகை கொடுப்பவை இவை. காசநோய்க் கிருமியை விழுங்கிவிட்டு அழிக்க முடியாமல் திணறும் செல்களை உசுப்பிவிடுபவையும் இவையே. இவை குறைந்தவர்களைக் காசநோய் முதலில் பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

இச்செல்களின் மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் இருக்கிறது. வைரஸ் அதைப் பற்றிக்கொண்டு, பக்கத்தில் சிசிஆர்5 போன்ற இன்னொரு புரதத்தையும் பிடித்து உள்ளே நுழைகிறது. வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. அதை ஒரு நொதி டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. இன்டிக்ரேஸ் என்ற இன்னொரு நொதி அந்தப் படியை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே ஒட்டிவிடுகிறது. அதன்பிறகு அந்தச் செல் உயிரோடு இருக்கும்வரை வைரஸின் மரபுக்குறிப்பும் அதற்குள் இருக்கும்.

புது வைரஸை உற்பத்தி செய்யும் செல் ஓரிரு நாளில் செத்துப்போகிறது. ஆனால் சாகும் செல்களில் பெரும்பங்கு இவையல்ல. அமெரிக்காவில் வார்னர் கிரீன் குழு நிணநீர்த் திசுக்களில் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால் படியெடுப்பு பாதியில் நின்றுவிடும். அந்த அரைகுறை டி.என்.ஏ.வை ஆபத்து என்று உணரும் செல், அழற்சியோடு வெடித்துத் தன்னையே அழித்துக்கொள்கிறது. அதிலிருந்து கசியும் பொருள்கள் இன்னும் பல டி செல்களை அங்கே வரவழைக்க, அவையும் அதே கதிக்கு ஆளாகின்றன. தொற்றிய சில வாரங்களிலேயே குடலை ஒட்டிய உதவி டி செல்கள் பெருமளவு அழிந்துவிடும். அப்போது நோயாளிக்குத் தெரிவது, தெரிந்தால், சில நாள் காய்ச்சல் மட்டுமே.

ஓர் உதாரணம் பார்ப்போம். சிகிச்சைக்கு வரும் ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிடி4 செல்கள் 150. நல்ல உடல்நிலையில் 500-க்கு மேல் இருக்க வேண்டும். வைரல் லோடு ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம். அவருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. முதல் இரண்டும் படியெடுப்பில் போலிக் கண்ணியாக நுழைந்து சங்கிலியை அறுக்கின்றன. மூன்றாவது, டி.என்.ஏ.வில் ஒட்டும் வேலையைத் தடுக்கிறது. எதுவுமே வைரஸைக் கொல்வதில்லை. புதிய செல்களுக்குத் தொற்றாமல் தடுக்கின்றன. ஏற்கெனவே வைரஸைத் தயாரித்துக்கொண்டிருந்தவை தாமாகவே சாகின்றன. அதனால்தான் சில மாதங்களில் வைரல் லோடு 50-க்குக் கீழே போகிறது. சிடி4 மட்டும் மெதுவாகத்தான் ஏறும். ஓராண்டில் 250-ஐத் தொட்டால் நல்ல முன்னேற்றம். அவருக்குக் காசநோயும் இருந்து ரிஃபாம்பிசின் சாப்பிட்டால், அது டோலுடெக்ராவிரை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். ஆகவே 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் தருவார்கள்.

ஒரு மருந்து போதாதா? 1987-ல் வந்த ஏ.இசட்.டி. தனியாகத் தரப்பட்டுத் தோற்றது. சிகிச்சை இல்லாத உடலில் தினம் நூறு கோடிக்கணக்கில் வைரஸ்கள் உருவாகின்றன. படியெடுக்கும் நொதி பிழை மலிந்தது. ஒரு மருந்திலிருந்து தப்பும் பிழை எப்படியும் கிடைத்துவிடும். வெவ்வேறு மருந்துகளிலிருந்து ஒரே நேரத்தில் தப்புவதுதான் கடினம். 1996-க்குப் பின் கூட்டு மருந்துகள் பரவியபோது மரணங்கள் சரிந்தது இதனால்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். வைரஸ் ஒட்டிய செல்களில் ஒரு சிறு பங்கு சாவதில்லை. அவை பழைய கிருமிகளை நினைவில் வைத்து ஆண்டுக்கணக்கில் உறங்கும் நினைவுச் செல்களாகிவிடுகின்றன. உறங்கும் செல் வைரஸைத் தயாரிப்பதில்லை, ஆகவே மருந்துக்கு அங்கே தடுக்க ஒன்றுமில்லை. 1997-ல் கண்டறியப்பட்ட இந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும். மாத்திரையை நிறுத்தினால், எங்கோ ஒரு செல் விழித்து, பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே வைரல் லோடு மீண்டும் ஏறிவிடும்.

ரிப்போர்ட் சொல்வது, ரத்தத்தில் அளக்கும்படி வைரஸ் இல்லை என்பதை மட்டும். அதுவே பெரிய செய்திதான்: அந்நிலையைத் தொடர்ந்து காப்பவரிடமிருந்து உடலுறவு வழியே துணைக்குத் தொற்றுவதில்லை. பிறகு எப்போதாவது வைரல் லோடு 1,000-ஐத் தாண்டினால், எத்தனை வேளை விட்டுப்போனது என்பதைத்தான் மருத்துவர் முதலில் விசாரிப்பார். தவறாமல் சாப்பிடச் சொல்லி மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிப்பார்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால், மருந்துக்கு வைரஸ் பழகிவிட்டதா என்று பார்த்து மாத்திரையை மாற்றுவார்கள்.