பயணக் கணக்கு: யார் யாருக்குத் தரவேண்டும்?

நண்பர்கள் நால்வர் கொடைக்கானல் போகிறார்கள். க அறைக்கு 6,000 ரூபாய் கட்டுகிறார். ச வண்டி வாடகை 4,000 தருகிறார். த இரவு உணவுக்கு 1,800 கொடுக்கிறார். அன்று ப சாப்பிடவில்லை.

வெப்பத்தாளில் அச்சாகும் ரசீது நாளடைவில் மங்கிவிடும். அதனால் கைக்கு வந்ததுமே படம் எடுத்துவிட வேண்டும். பணம் கொடுத்தவர் யார், பங்கு பெற்றவர்கள் யார் என்பது பெரும்பாலும் ரசீதில் இருக்காது. அதைப் படத்தோடு அப்போதே குறித்துவைக்க வேண்டும்.

இனி ஒவ்வொருவரின் பங்கையும் கூட்டலாம். அறைக்குத் தலா 1,500, வண்டிக்கு 1,000, உணவுக்கு மூவருக்கு மட்டும் 600. க, ச, த மூவரின் பங்கு தலா 3,100. ப-வின் பங்கு 2,500.

கொடுத்த தொகையிலிருந்து பங்கைக் கழித்தால் நிகரத் தொகை கிடைக்கும். க-வுக்கு 2,900, ச-வுக்கு 900 வரவேண்டும். த 1,300, ப 2,500 தரவேண்டும். ப தன் 2,500-ஐயும், த 400-ஐயும் க-வுக்கு அனுப்பி, மீதி 900-ஐ த ச-வுக்குக் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது.

வரவேண்டியதும் தரவேண்டியதும் 3,800 என்று சமமாக இருப்பதால் கூட்டல் கழித்தலில் பிழையில்லை என்று நம்பலாம். ஆனால் உணவக ரசீதையும் அதே தொகைக்கான யுபிஐ ரசீதையும் தனித்தனிச் செலவாக எழுதியிருந்தாலும் இரு பக்கமும் சமமாகவே வரும். எனவே ஒரே நாளில் ஒரே தொகை இருமுறை வந்தால், இரண்டு படங்களின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.