சீல் வைத்த பையும் மாறிப் போகும் விமானமும்

சென்னையிலிருந்து துபாய் வழியாக நியூயார்க் போய், அங்கே விமானம் மாறி சிகாகோ செல்லும் ஒரு பயணியை எடுத்துக்கொள்வோம். துபாய் டியூட்டி ஃப்ரீ கடையில் ஒரு லிட்டர் விஸ்கி வாங்குகிறார். நியூயார்க் வரை அந்த பாட்டிலால் தொல்லையில்லை. சிகாகோ விமானத்துக்கான பாதுகாப்புச் சோதனையில்தான் அது மாட்டிக்கொள்ளும்.

2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை மறைத்து அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதியை பிரிட்டன் போலீசார் கண்டுபிடித்தார்கள். கைப்பையில் கொண்டுபோகும் திரவம் 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்ற விதி அதன்பின் வந்ததுதான். கடையில் வாங்கிய பாட்டிலுக்கு விலக்கு உண்டு. ஆனால் விமானம் மாறும் இடத்தில் இருப்பவர்களுக்கு, வழியில் யாரும் அதைத் திறக்கவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அந்தச் சீல் வைத்த பை. ஒளி ஊடுருவும் கனத்த பிளாஸ்டிக், பெரும்பாலும் சிவப்பு விளிம்பு. ஒருமுறை ஒட்டினால், பிரித்த தடம் தெரியாமல் மறுபடி ஒட்ட முடியாது.

அமெரிக்காவில் இதற்கு நிபந்தனைகள் உண்டு. வெளிநாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். பை பிரியாமல் இருக்க வேண்டும். வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்பதை ரசீது காட்ட வேண்டும். ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல், வெளியிலிருந்து படிக்கும்படி பைக்குள்ளேயே போடச் சொல்வது நல்லது. அடுத்தடுத்த விமானம் இருப்பதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாதாரணப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இத்தனை இருந்தும் உத்தரவாதமில்லை. கருவி எச்சரித்தாலோ, உள்ளே இருப்பதைச் சோதிக்க முடியாமல் போனாலோ பாட்டிலை அனுமதிக்க மாட்டார்கள். பீங்கான், உலோகக் குடுவைகளில் வரும் அலங்கார மதுவகைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

துபாய் பயணிக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, அதைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதற்கு முன் பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டால், 100 மில்லிலிட்டர் விதியே பொருந்தாது. பலர் பெட்டியை அவசரமாகத் தள்ளிவிட்டு, கையில் பையோடு சோதனை வரிசைக்குப் போய்விடுகிறார்கள்.

அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைக்காது. அமெரிக்கக் குடியேற்றமும் சுங்கமும் அங்கேயே முடிந்துவிடுவதால், பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். நடுவில் மறுபடி சோதனை வந்தால், பிரியாத அந்தப் பையை மட்டுமே நம்ப முடியும்.